மதிப்பாய்வாளருக்கு மறுமொழி: கடிதமும் கட்டுரையும்



ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பிச் சில மாதங்கள் காத்திருந்த பிறகு, பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. கட்டுரையில் பெரிய அளவில் திருத்தம் தேவை என்பது முடிவு. அதனுடன் இரண்டு மதிப்பாய்வாளர்களின் கருத்துரைகள் பல பக்கங்களுக்கு நீள்கின்றன. இம்முடிவு ஏற்பும் அன்று, மறுப்பும் அன்று. திருத்திய கட்டுரையையும், ஒவ்வொரு கருத்துரைக்கும் நாம் அளிக்கும் மறுமொழியையும் பார்த்த பிறகே பதிப்பாசிரியர் முடிவு செய்வார். பல வேளைகளில் அதே மதிப்பாய்வாளர்களுக்கே அவற்றை மீண்டும் அனுப்பிக் கருத்துக் கேட்பார். கட்டுரைக்குத் துணையாகச் செல்லும் அந்த மறுமொழிக் கடிதமே இன்றைய நம் பொருள்.

தடை எழுப்பி விடை கூறுவது நம் மரபுக்குப் புதிதன்று. காண்டிகை உரையின் உறுப்புகளுள் வினாவிடையையும் நன்னூல் சேர்த்துக் கூறுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர் தடையைத் தாமே எழுப்பி, விடையைத் தம் உரைக்குள்ளேயே வைத்தார். நமக்கோ தடையை எழுப்புபவர் வேறொருவர். விடையும் கட்டுரைக்கு வெளியே ஒரு கடிதத்தில் அமைகிறது. அதனால் விடை கடிதத்தோடு நின்றுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். கட்டுரையும் அதன் எண்களும் இவ்வுரைக்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஆனால் அதில் எழும் கேள்விகள் வகுப்பறை ஆய்வுகளில் அடிக்கடி எழுபவை.

ஒரு பள்ளியில் தொடக்கநிலை நான்கில் இரண்டு தமிழ் வகுப்புகள் உள்ளன. 24 மாணவர்கள் கொண்ட முதல் வகுப்பு எட்டு வாரங்கள் இணையர்களாக அமர்ந்து உரக்க வாசித்தது. 23 மாணவர்கள் கொண்ட இரண்டாம் வகுப்பு வழக்கம்போல் பயின்றது. இறுதியில் 30 மதிப்பெண்ணுக்குக் கருத்தறிதல் தேர்வு வைத்தபோது, முதல் வகுப்பின் சராசரி 21.4; இரண்டாம் வகுப்பின் சராசரி 17.6. வேறுபாடு 3.8 மதிப்பெண். “இணைவாசிப்பு கருத்தறிதல் திறனை உயர்த்துகிறது” என்று கட்டுரை முடித்தது.

கருத்துரைகள் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது அவற்றைப் பிரித்து எண்ணிடுவதே. முதல் மதிப்பாய்வாளரின் முதல் கருத்து 1.1, அடுத்தது 1.2, இரண்டாமவரின் முதல் கருத்து 2.1 என்று அமைக்கலாம். ஒரே பத்தியில் மூன்று கேள்விகள் இருந்தால் அவற்றை 1.1அ, 1.1ஆ, 1.1இ என்று பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் எளிய கேள்விக்கு விடை எழுதிவிட்டுக் கடினமானதை நம்மை அறியாமலேயே விட்டுவிடுவோம். கருத்துரையைச் சுருக்காமல் முழுமையாகப் படியெடுத்து, அதன் கீழ் நம் மறுமொழியை வேறு எழுத்துருவில் தர வேண்டும். சுருக்கும்போது கேள்வியின் கூர்மை மழுங்கிவிடும்; அதை எழுதியவர் உடனே கண்டுகொள்வார்.

இனி மூன்று கருத்துரைகளைப் பார்ப்போம்.

1.1: “பயிற்சிக்கு முன் இரு வகுப்புகளும் சம நிலையில் இருந்தனவா?” முன்தேர்வு நடத்தப்பட்டிருந்தது, ஆனால் கட்டுரை அதைப் பயன்படுத்தவில்லை. எடுத்துப் பார்த்தால் முதல் வகுப்பின் சராசரி 17.2, இரண்டாம் வகுப்பின் சராசரி 15.1. ஆக, 2.1 மதிப்பெண் வேறுபாடு பயிற்சி தொடங்கும் முன்பே இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் எழுதும் விடை இது: “மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த கருத்துக்கு மிக்க நன்றி. முன்தேர்வு வேறுபாடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதன்று. எனவே வகுப்புகள் சமமானவை.” இதில் பணிவு இருக்கிறது, விடை இல்லை. 47 பேரை மட்டும் கொண்ட ஆய்வில் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கதன்று என வருவது, வேறுபாடே இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிறிய குழுவில் உண்மையான வேறுபாடும் அவ்வாறு மறைந்துவிடும்.

சரியான மறுமொழி கணக்கை மீண்டும் செய்வதில் தொடங்குகிறது. முன்தேர்வு மதிப்பெண்ணை உடன்மாறியாகச் சேர்த்துப் பகுத்தால், அதாவது ஒரே நிலையில் தொடங்கிய மாணவர்களை ஒப்பிடுவது போல் கணக்கிட்டால், வேறுபாடு 2.1 ஆகக் குறைகிறது. அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.4 முதல் 3.8 வரை. கடிதத்தில் இவ்வாறு எழுதலாம்: “ஏற்கிறோம். முன்தேர்வைச் சேர்த்து மீண்டும் பகுத்தோம். வேறுபாடு 3.8இலிருந்து 2.1 ஆகக் குறைந்தது. முன்தேர்வுச் சராசரிகளை அட்டவணை 2இல் சேர்த்துள்ளோம். முடிவுகள் பகுதியின் இரண்டாம் பத்தி இப்போது பின்வருமாறு உள்ளது.” அதன் கீழே அந்தப் புதிய வாக்கியங்களையே எடுத்துத் தந்து, பக்க எண்ணும் வரி எண்ணும் குறிக்க வேண்டும். “தக்கவாறு திருத்தியுள்ளோம்” என்று மட்டும் எழுதினால், படிப்பவர் கட்டுரை முழுவதையும் தேட நேரிடும்.

1.2: “விடைத்தாள்களைத் திருத்தியவர் யார்? எந்த மாணவர் எந்த வகுப்பினர் என்பது அவருக்குத் தெரியுமா?” திருத்தியவர் கட்டுரையாசிரியர்களுள் ஒருவர், அவருக்குத் தெரியும். சரிவிடையைத் தெரிவு செய்யும் வினாக்களில் இது பெரிதும் பாதிக்காது. விரிவிடை வினாக்களில், தம் முயற்சி பலித்திருக்க வேண்டும் என்ற விருப்பம் அரை மதிப்பெண்ணாக அங்கங்கே நுழையக்கூடும்.

நல்வாய்ப்பாக விடைத்தாள்கள் பாதுகாப்பாக இருந்தன. பெயரையும் வகுப்பையும் மறைத்து, முன்தேர்வுத் தாள்களையும் பின்தேர்வுத் தாள்களையும் கலந்து, ஆய்வில் பங்குபெறாத ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து மீண்டும் திருத்தச் செய்தார்கள். புதிய மதிப்பெண்களின்படி வேறுபாடு 1.8, நம்பக இடைவெளி 0.1 முதல் 3.5 வரை.

இப்போது இரண்டு எண்கள் கையில் உள்ளன. பழையதைக் கட்டுரையில் வைத்து, புதியதைக் கடிதத்தில் மட்டும் கூற மனம் நாடும். ஆனால் ஐயம் பழைய மதிப்பெண்களைப் பற்றியதுதானே? எனவே 1.8ஐக் கட்டுரையின் முதன்மை முடிவாக வைத்து, 2.1ஐ ஒப்பீட்டுக்காகத் தருவதே முறை. மதிப்பாய்வாளருக்கு எழுந்த ஐயம் கட்டுரையைப் பின்னர் வாசிப்பவருக்கும் எழும். அந்த வாசகர் நம் கடிதத்தைப் பார்க்கப் போவதில்லை.

2.1: “வகுப்புக்கு ஒரு முறை, முறைக்கு ஓர் ஆசிரியர் என்று ஆய்வு அமைந்துள்ளது. விளைவு முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா? இன்னும் சில பள்ளிகளைச் சேர்க்க வேண்டும்.” இதுவே மூன்றினுள் மிகக் கடினமானது. இணைவாசிப்பு நடந்த வகுப்புக்கு ஓர் ஆசிரியர், மற்ற வகுப்புக்கு வேறோர் ஆசிரியர். முறையும் ஆசிரியரும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. எத்தனை நுட்பமான புள்ளியியல் முறையைக் கொண்டுவந்தாலும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க இயலாது. அவிழ்ப்பதற்கான தகவல் தரவிலேயே இல்லை. பல நிலைப் பகுப்பாய்வு செய்துவிட்டோம் என்று எழுதினால், அறிந்த மதிப்பாய்வாளர் அதை மறைப்பு என்றே கொள்வார். கல்வியாண்டு முடிந்து வகுப்புகள் கலைந்துவிட்டதால், புதிய பள்ளிகளைச் சேர்ப்பது திருத்தத்திற்குரிய காலத்துக்குள் முடியாது.

செய்ய இயலாததைச் செய்ய இயலவில்லை என்றே எழுதலாம். ஆனால் அத்துடன் நிறுத்தக் கூடாது. “மதிப்பாய்வாளர் கூறுவது சரி. எங்கள் தரவைக் கொண்டு முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரிக்க இயலாது. புதிய பள்ளிகளைச் சேர்ப்பது வேறோர் ஆய்வாகவே அமையும். ஆதலால் எங்கள் கூற்றைக் குறைத்துள்ளோம்.” இந்த இறுதி வாக்கியமே மறுமொழிக்கு உயிர். கூற்றைக் குறைப்பது என்றால், வரம்புகள் என்னும் பகுதியில் ஒரு வரி சேர்ப்பதன்று. தலைப்பில் இருந்த “இணைவாசிப்பின் விளைவு” என்பது “இணைவாசிப்பு: இரு வகுப்புகளில் ஒரு தொடக்க ஆய்வு” என மாற வேண்டும். சுருக்கத்தில் “உயர்த்துகிறது” என்றிருந்தது, “இணைவாசிப்பு நடந்த வகுப்பின் சராசரி கூடுதலாக இருந்தது, காரணத்தை இவ்வாய்வால் உறுதிசெய்ய இயலாது” என மாற வேண்டும். ஆசிரியர்கள் இம்முறையை உடனே மேற்கொள்ளலாம் என்ற பரிந்துரையை நீக்க வேண்டும்.

சில வேளைகளில் இரு மதிப்பாய்வாளர்கள் ஒருவருக்கொருவர் முரண்படுவார்கள். முன்னாய்வுப் பகுதியைச் சுருக்குக என்பார் ஒருவர். விரிக்குக என்பார் மற்றவர். இருவருக்கும் தனித்தனியே இணங்குவது போல் எழுதக் கூடாது. மறுமொழி பெரும்பாலும் இருவர் பார்வைக்கும் செல்லும். பதிப்பாசிரியருக்கு எழுதும் முகப்புப் பகுதியில் முரண்பாட்டைச் சுட்டி, நாம் எடுத்த முடிவையும் காரணத்தையும் கூறி, வேறு விருப்பம் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்பதே நேர்மை.

கடிதத்தை அனுப்பும் முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு. கடிதத்தை ஒரு பக்கமும் திருத்திய கட்டுரையை மறு பக்கமும் வைத்து, “சேர்த்துள்ளோம்”, “நீக்கியுள்ளோம்” என்று கூறிய ஒவ்வோர் இடத்தையும் கட்டுரையில் விரல் வைத்துத் தேட வேண்டும். எங்கே விரல் வைக்க இடம் இல்லையோ, அங்கே நாம் திருத்தவில்லை, வாக்குறுதி மட்டும் கொடுத்திருக்கிறோம். பிறகு பழைய எண்ணான 3.8ஐக் கட்டுரை முழுவதும் தேட வேண்டும். முடிவுகள் பகுதியில் மாற்றிய எண் சுருக்கத்தில் பழையபடியே இருப்பது மிகப் பொதுவான பிழை. பக்க எண்களையும் வரி எண்களையும் எல்லாம் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் அடுத்த திருத்தத்தில் அவை நகர்ந்துவிடும். மதிப்பாய்வாளருக்கு நம் பெயர் தெரியாத முறையை ஆய்விதழ் பின்பற்றினால், கடிதத்திலும் கோப்பின் பண்புகளிலும் நம் பெயரோ பள்ளியின் பெயரோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கியபோது 3.8 மதிப்பெண்ணும் உறுதியான ஒரு முடிவும் நம் கையில் இருந்தன. மறுமொழி எழுதி முடித்தபோது 1.8 மதிப்பெண்ணும் எச்சரிக்கையான ஒரு கூற்றும் எஞ்சின. கட்டுரை சிறுத்துவிட்டதே என்று அதன் ஆசிரியர்கள் வருந்தக்கூடும். ஆனால் அடுத்த ஆண்டு இதைப் படித்துத் தம் வகுப்பு நேரத்தில் எட்டு வாரங்களை ஒதுக்கலாமா என்று எண்ணும் ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். பழைய கட்டுரை அவரை நம்பவைத்திருக்கும். புதிய கட்டுரை, எதுவரை நம்பலாம் என்பதை அவருக்குச் சொல்லும்.