கோடு படுக்கத் தொடங்கும் போது

(எமது பாடசாலையின் தொழில் வழிகாட்டல் தினத்தில், தரம் 9, 10 மாணவிகளுக்குப் பேச்சாளரை அறிமுகம் செய்து ஆற்றிய உரை)



இன்று காலை வைத்தியர்களாகிய நாம் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பேசப்போவது நாமல்ல. எங்களிடம் நோயாளி வந்து சேருமுன்னரே அவர் வீட்டுப் படியேறுகிற ஒருவர். பதவிப் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். வீட்டில் நாம் ‘மிட்வைஃப் மிஸ்’ என்போம். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு இப்படி ஒருவர் என்பது நமது நாட்டின் ஏற்பாடு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறை இது. எங்கள் பேச்சாளரின் பிரிவு, கண்டிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது.

அவர் பையில் என்ன இருக்கும்? ஊசி, மருந்தை விட அதிகமாக அவருக்கு உதவுவது ஒரு தராசும் ஒரு பேனாவும். எப்படி என்று காட்ட ஓர் உதாரணம் சொல்கிறோம். கொப்பியில் புள்ளி வைத்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு பெண்குழந்தை 3.0 கிலோவோடு பிறக்கிறது. ஒரு மாதத்தில் 4.0, இரண்டில் 4.8, மூன்றில் 5.5. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு நன்றாக மேலேறுகிறது. நான்காம் மாதம் 5.7, ஐந்தாம் மாதம் 5.8. இப்போது பாருங்கள், கோடு படுத்துவிட்டது.

அயலவர் கேட்டால், “பிள்ளை மெலியவில்லையே, நிறை கூடித்தானே இருக்கிறது” என்பார். உண்மைதான். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள வரைபில், நிறை குறைவு என்னும் எல்லைக்குக் கீழே இன்னும் அது இறங்கவில்லை. ஆனால் இந்த வயதில் மாதத்துக்கு அரைக்கிலோ அளவில் கூட வேண்டிய பிள்ளை, இரண்டு மாதத்தில் 300 கிராம்தான் கூடியிருக்கிறது. எல்லைக்குக் கீழே போகும்வரை காத்திருந்தால் எங்களிடம் வரும்போது அது நோய். கோடு படுக்கும்போதே கண்டால் அது ஒரு கேள்வி மட்டுமே. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் இவரது தொழில்.

முதலில் அவர் தராசைச் சந்தேகிப்பார். பூச்சியத்தில் நின்றதா? மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு நிறுத்தார்களா? தடித்த ஆடை சில நூறு கிராமைக் கூட்டிக் காட்டும். படுத்த கோட்டையே அது மறைத்துவிடலாம். ஆகவே ஆடை களைந்து மறுபடி நிறுப்பார். பிறகு, மூன்றாம் மாதத்துக்குப் பின் வீட்டில் என்ன மாறியது என்று கேட்பார்.

மாறியது இதுதான். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து, தாய் கொழுந்து எடுக்கப் போய்விட்டார். பிள்ளை பகலெல்லாம் பிள்ளை மடுவத்தில். அங்கே போத்தலில் தண்ணீர் கலந்த மாப்பால். தாயைத் திட்டிப் பயனில்லை. அவர் சம்பளத்துக்குப் போயிருக்கிறார். எனவே மிஸ் இரண்டு வழி பார்ப்பார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்திலேயே தாய்க்கு இடைவேளை உண்டு, மடுவம் உள்ள இடத்தில் அரை மணித்தியாலமாக இருமுறை. இது சட்டம். தாய்க்கு அது தெரியுமா, அந்த மலையிலிருந்து மடுவத்துக்கு வந்துபோக நேரம் போதுமா என்று கேட்டு, கங்காணியோடும் பேசுவார். போதாவிட்டால், காலையில் பாலைக் கறந்து, கழுவிக் காய்ச்சிய மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, நான்கு மணித்தியாலத்துக்குள் கோப்பையால் பருக்கும்படி மடுவத்துப் பராமரிப்பாளருக்குப் பழக்குவார்.

இரண்டு வாரத்தில் மறுபடி நிறுப்பார். கோடு எழும்பினால் கதை முடிந்தது. பேராதனைச் சிறுவர் மருத்துவமனையில் எவரும் அந்தப் பிள்ளையைக் காணப்போவதில்லை. எழும்பாவிட்டாலோ, காய்ச்சல், வயிற்றோட்டம், பால் குடிக்க மறுப்பு இருந்தாலோ அவர் தாமதிக்காமல் வைத்தியரிடம் அனுப்புவார். நோயைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் அவர் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அந்த எல்லையை அறிந்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

இந்த உரையாடல் முழுவதும் லயத்து வாசலில், தாயின் மொழியில் நடக்க வேண்டும். “பால் போதுமா?” என்று கேட்டால் எல்லாத் தாயும் “போதும்” என்பார். “நேற்று விடிந்ததிலிருந்து என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டால்தான் மாப்பால் வெளியே வரும். அந்த இரண்டாவது கேள்வியை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பது கடினம். தோட்டங்களில் தமிழ் பேசும் மிஸ்மார் போதாமல் இருப்பதை, வாட்டில் நிற்கும் நாங்கள் அடிக்கடி உணர்கிறோம். இந்த மண்டபத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு அந்த மொழி வீட்டிலேயே இருக்கிறது.

பயிற்சிக் காலம், உயர்தரத்தில் என்ன பாடம் எடுக்க வேண்டும், மழையில் எத்தனை கட்டை நடப்பார், வாசலில் நாய் நின்றால் என்ன செய்வார் என்பதையெல்லாம் அவரிடமே கேளுங்கள். தராசையும் கொண்டு வந்திருக்கிறார்.

மிஸ், மேடைக்கு வாங்க.