தொடர் லாபத்துக்குப் பிறகு வரும் ஆபத்து

(சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தரகு நிறுவனம் ஒன்றின் ரிஸ்க் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இன்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கான உரிமமும் என்னிடம் இல்லை. நான் வேலை பார்த்த பிரிவில் வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தினமும் பார்ப்போம். யார் கையிருப்புக்கு மீறி வாங்கியிருக்கிறார், யாருடைய மார்ஜின் போதவில்லை என்று கவனிப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பெரிய இழப்பு பல சமயம் கெட்ட காலத்தின் நடுவில் வருவதில்லை. வரிசையாக லாபம் வந்த சில வாரங்களுக்குப் பிறகுதான் வருகிறது.

இதற்குக் காரணம் சந்தை திடீரென்று மாறியது மட்டுமல்ல. அந்த லாப வாரங்களில் அவர் தன் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருப்பார். ஏற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் செய்கிறார். ஒரு வர்த்தகத்தில் அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார். 400 ரூபாய் பங்கை வாங்கி, 390-க்கு வந்தால் விற்றுவிடுவேன் என்று ஸ்டாப் லாஸ் போடுகிறார். ஒரு பங்குக்கு 10 ரூபாய் ஆபத்து. 5,000-ஐ 10-ஆல் வகுத்தால் 500 பங்குகள். இதுவரை எல்லாம் சரி.

வரிசையாக 8 வர்த்தகங்களில் லாபம். மொத்தம் 48,000 ரூபாய் வருகிறது. ஒன்பதாவது முறை, "இப்போது நன்றாகப் பிடிபட்டுவிட்டது" என்று 800 பங்குகள் வாங்குகிறார். ஸ்டாப் லாஸ் அதே 10 ரூபாய்தான், ஆனால் ஆபத்து 8,000 ஆகிவிட்டது. அதிலும் 8,000 லாபம். பத்தாவது முறை 1,000 பங்குகள். "கொஞ்சம் இடம் கொடுப்போம்" என்று ஸ்டாப் லாஸை 15 ரூபாய் தள்ளி வைக்கிறார். ஆபத்து 15,000. பங்கு 10 ரூபாய் ஏறி 10,000 லாபம் வருகிறது. இதுவரை மொத்த லாபம் 66,000.

பதினொன்றாவது முறை 400 ரூபாயில் 1,500 பங்குகள். ஸ்டாப் லாஸ் 385. திட்டமிட்ட ஆபத்தே 22,500. பங்கு 390-க்கு இறங்குகிறது. "மலிவாகக் கிடைக்கிறது" என்று இன்னும் 1,000 பங்குகள் வாங்குகிறார். மொத்தம் ஏறக்குறைய 10 லட்சத்துக்கு வாங்கியாகிவிட்டது. இன்ட்ராடேயில் கையில் உள்ள பணத்தைப்போல் 5 மடங்கு வரை தரகர் அனுமதிக்கலாம் என்பதால் யாரும் தடுக்கவில்லை. 385 வந்தபோது ஆர்டரை நீக்கிவிட்டுக் காத்திருக்கிறார். கடைசியில் 376-க்கு விற்கிறார். முதல் 1,500 பங்குகளில் 36,000 நஷ்டம், அடுத்த 1,000 பங்குகளில் 14,000 நஷ்டம். ஒரே நாளில் 50,000 போய்விட்டது.

பத்து முறை ஜெயித்து ஒரே முறை தோற்றவரிடம் மிஞ்சியது 16,000 ரூபாய். அவர் 500 பங்குகளையும் 10 ரூபாய் ஸ்டாப் லாஸையும் மாற்றாமல் இருந்திருந்தால்? 48,000, அதன் மேல் 5,000, இன்னொரு 5,000. மொத்தம் 58,000. பதினொன்றாவதில் 5,000 போயிருக்கும். கையில் 53,000 இருந்திருக்கும். பங்கைத் தேர்ந்தெடுத்ததில் எந்த வித்தியாசமும் இல்லை. அளவு மட்டும்தான் வித்தியாசம்.

அவர் ஆபத்தை ஏற்றிய வழிகளைக் கவனியுங்கள். எண்ணிக்கையைக் கூட்டினார், ஸ்டாப் லாஸைத் தள்ளினார், இறங்கும்போது மேலும் வாங்கினார், கடைசியில் ஸ்டாப் லாஸையே எடுத்தார். முதலாவதை மட்டும்தான் பெரும்பாலோர் "ரிஸ்க்கைக் கூட்டுவது" என்று நினைக்கிறார்கள். மற்ற மூன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமான முடிவுபோலத் தோன்றும்.

ஏன் இப்படி நடக்கிறது? ரிச்சர்ட் தேலர், எரிக் ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் இதைப் பற்றி எழுதினார்கள். லாபம் வந்த பிறகு மனிதர்கள் அந்தப் பணத்தைத் தங்கள் பணமாக நினைப்பதில்லை, சூதாட்ட விடுதியின் பணம்போல நினைத்துத் துணிந்து வைக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நம் வழக்கில் "வந்த காசுதானே, போனால் போகட்டும்" என்போம். ஆனால் 5,48,000 ரூபாயில் எந்த 48,000 "வந்த காசு" என்று வங்கிக்குத் தெரியாது. எல்லாம் உங்கள் பணம்தான்.

இரண்டாவது காரணம், தொடர் வெற்றியைத் திறமையின் சான்றாக எடுத்துக்கொள்வது. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை நாணயம் சுண்டினால், அவர்களில் ஏறக்குறைய 80 பேருக்கு எங்காவது ஓரிடத்தில் வரிசையாக ஐந்து தலை விழும். நாணயத்துக்குத் திறமை கிடையாது. ஆகவே ஐந்தாறு வெற்றிகளை வைத்து அளவைக் கூட்டுவதற்கு ஆதாரம் போதாது.

சந்தையும் இதற்குத் துணைபோகும். 2024 ஜூன் 3-ஆம் தேதி, தேர்தல் கருத்துக் கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறிப் புதிய உச்சத்தில் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 5.9 சதவீதம், ஏறக்குறைய 1,380 புள்ளிகள் சரிந்தது. அப்போது நிஃப்டி லாட் 25. ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவருக்குச் சுமார் 34,500 ரூபாய் நஷ்டம். முதல் நாள் மகிழ்ச்சியில் நான்கு லாட்டாக்கியவருக்கு 1,38,000.

நாம் ஒன்றுமே செய்யாமலும் ஆபத்து ஏறலாம். 2024 நவம்பர் முதல் புதிய ஒப்பந்தங்களில் நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனது. "நான் எப்போதும் இரண்டு லாட்தான்" என்று இருந்தவரின் ஆபத்து அவற்றில் மூன்று மடங்கானது. அதனால் அளவை லாட்டிலோ பங்கு எண்ணிக்கையிலோ நினைவில் வைக்காதீர்கள். ரூபாயில் வையுங்கள்.

இனி, அளவு நகராமல் இருக்க நான்கு தடுப்புகள்.

முதலாவது, ஆர்டர் போடுமுன் இந்த ஒரு வரியை எழுதுவது: வாங்க வேண்டிய எண்ணிக்கை = அனுமதித்த இழப்பு ÷ (வாங்கும் விலை − ஸ்டாப் லாஸ் விலை). இதன் அழகு என்னவென்றால், ஸ்டாப் லாஸைத் தள்ளினால் எண்ணிக்கை தானாகக் குறையும். 10 ரூபாய் இடைவெளிக்கு 500 பங்குகள் என்றால், 15 ரூபாய்க்கு 333 பங்குகள்தான். ஃபியூச்சர்ஸில் ஒரு லாட்டே உங்கள் வரம்பைத் தாண்டினால், அந்த வர்த்தகம் உங்களுக்கு இல்லை என்று பொருள். ஒரு லாட் 75 என்றால், 100 புள்ளி ஸ்டாப் லாஸுக்கு 7,500 ரூபாய். 5,000 வரம்பு உள்ளவர் அதைத் தொடக்கூடாது.

இரண்டாவது, வரம்பைத் தேதி பார்த்து மாற்றுவது. காலாண்டின் முதல் நாள் கணக்கில் உள்ள தொகைக்கு 1 சதவீதம் என்று நிர்ணயியுங்கள். அடுத்த காலாண்டு வரை கூட்டக் கூடாது. 5 லட்சம் 5.5 லட்சமானால் அப்போது 5,000 என்பது 5,500 ஆகும், அவ்வளவுதான். கணக்கு 10 சதவீதம் குறைந்துவிட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே வரம்பைக் குறையுங்கள். ஏற்றுவதற்குக் காலண்டர், இறக்குவதற்கு உடனடி நடவடிக்கை.

மூன்றாவது, ஒரே திசையில் உள்ளவற்றைச் சேர்த்து எண்ணுவது. மூன்று வங்கிப் பங்குகளை ஒரே நேரத்தில் வைத்திருந்தால் அவை மூன்று தனி வர்த்தகங்கள் அல்ல. ரிசர்வ் வங்கியின் ஒரு அறிவிப்பில் மூன்றும் சேர்ந்தே இறங்கும். எனவே அந்த மூன்றின் மொத்த ஆபத்தும் ஒரு வர்த்தகத்தின் வரம்புக்குள் இருக்கட்டும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நான்கே பத்திகள்: தேதி, திட்டமிட்ட ஆபத்து ரூபாயில், வந்த லாபம் அல்லது நஷ்டம், நடுவில் எதையாவது மாற்றினேனா. ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி ஐந்து வர்த்தகங்களின் திட்டமிட்ட ஆபத்தைக் கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அது வரம்பைத் தாண்டியிருந்தால் லாபத்தில் இருந்தாலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. இரண்டாவது அடையாளம், நஷ்டமான வர்த்தகங்களில் திட்டமிட்டதைவிட அதிகம் போயிருக்கிறதா என்பது. நூறு இருநூறு ரூபாய் விலை நழுவலால் வரும். 22,500 என்று எழுதிய இடத்தில் 50,000 போயிருந்தால் அது சந்தையின் வேலை அல்ல. நாம் பார்த்த கணக்கில் ஒன்பதாவது வர்த்தகத்திலேயே நோட்டு 8,000 என்று காட்டிக்கொடுத்திருக்கும், அன்று லாபம் வந்திருந்தாலும்.

கடைசியாக, இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அளவைச் சீராக வைப்பது நஷ்டம் தரும் முறையை லாபம் தருவதாக மாற்றாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்று செபியே 2024-இல் வெளியிட்டது. சீரான அளவு செய்வது ஒன்றுதான்: உங்கள் முறை சரியா தவறா என்பதை, வீட்டுப் பணம் கரைவதற்கு முன்னால், சிறிய செலவில் தெரிந்துகொள்ள வைக்கிறது.

உரைக்குப் பின் கேட்கப்பட்ட இரு கேள்விகள்:

கேள்வி: ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் இழப்பு அதற்கு மேல் போகாது அல்லவா, சார்?

பதில்: சந்தை நடக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இரவு வைத்திருந்தால், காலையில் பங்கு உங்கள் ஸ்டாப் லாஸுக்குக் கீழேயே திறக்கலாம். 390 என்று போட்டிருப்பீர்கள், 370-க்குத்தான் விற்பனையாகும். இரவு வைத்திருப்பதாக இருந்தால் பாதி எண்ணிக்கை போதும்.

கேள்வி: என் மகன் மூன்று மாதமாக லாபம் என்கிறான். இன்னும் 3 லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: லாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அம்மா. முதல் மாதம் ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு இழக்கத் தயாராக இருந்தான், இந்த மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து இரண்டு எண்களையும் காட்டினால், அவை ஒன்றாகவும் இருந்தால், உட்கார்ந்து பேசலாம். நோட்டே இல்லை என்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.