அட்டையையும் பாருங்க, உள்ளே இருக்கிற பட்டையையும் பாருங்க

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன்.

என் மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரை போனில் விலை குறைவா வந்தது. படத்தில் சீல் பிரிக்காத பெட்டி, காலாவதி 2027 என்று தெளிவா இருந்தது. நம்பி வாங்கினேன். பத்து நாள் சாப்பிட்டாங்க. சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சு. மாத்திரையால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகம் வந்தது.

பெட்டியை எடுத்துக்கிட்டு எங்க தெரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் முதலில் பெட்டியின் பேட்ச் நம்பரை நகத்தால் சுரண்டினார். அது தனியாக ஒட்டின சீட்டு. அடியில் வேற நம்பர். அப்புறம் உள்ளே இருந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்தார். அதில் மூணாவது நம்பர்! “கம்பெனியில் பெட்டிக்கும் பட்டைக்கும் ஒரே பேட்ச், ஒரே தேதிதான் அச்சாகும்மா. இது கலந்து கட்டினது” என்றார்.

பட்டையில் தயாரித்த வருஷம் 2021. காலாவதி 2027 என்றிருந்த இடத்தில் கடைசி எழுத்து மட்டும் கருப்பா, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு, மூணு வருஷம்தான் கெடு. ஆறு வருஷம் என்றால் அங்கேயே இடிக்கும்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அதே படம் இன்னொரு விற்பனையாளர் பெயரிலும் இருந்தது. அதே மடிந்த மூலை, அதே பேட்ச் நம்பர். ரெண்டு பேரிடமும் ஒரே பெட்டி எப்படி இருக்கும்? படத்தில் இருந்த பெட்டி வேற, எனக்கு வந்த பெட்டி வேற.

இது புதுசு இல்லை. 2010 மார்ச்சில் சென்னையில் காலாவதியான மருந்துகளைத் தேதி மாற்றி விற்றவர்கள் பிடிபட்டார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பேச்சு அப்போ ஊரெல்லாம் அடிபட்டது. அன்று குப்பையிலிருந்து கடைக்கு வந்தது, இன்று படத்தில் வருது. அதனால் நம்ம வீட்டுக் காலாவதி மாத்திரையை முழுப் பட்டையாக வீசாதீங்க. தேதி இருக்கிற பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, பெட்டியைக் கிழிச்சுப் போடுங்க.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளில் கட்டம் போட்ட கியூஆர் குறியீடு கட்டாயம். போனில் படம் பிடித்தால் பேட்ச், தேதி, கம்பெனி வரும். அது பெட்டியோடும் பட்டையோடும் ஒத்துப் போகணும். எல்லா மருந்திலும் அது இருக்காது. அதனால் பில்லைக் கட்டாயம் கேளுங்க. பில்லிலும் பேட்ச் நம்பர் இருக்கும்.

ஒத்துப் போகலைன்னா மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அவர் வேற மருந்து எழுதித் தருவார். பெட்டி, பட்டை, பில், போன் படம் நாலையும் பத்திரமா வைங்க. மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915.

ஜரிகை அசலா என்று உரசிப் பார்க்காமல் நாம புடவை வாங்குறதில்லை. வாயில் போடுற மாத்திரையையும் சுரண்டிப் பார்ப்போம்.