ஒழுங்கைக் கூட்டத்தில் எமது வரவேற்புரை



1978 சூறாவளியில் கூரை பறக்கக் கண்ட மூத்தம்மாமாரே, வருக. 2004 டிசம்பர் 26 காலை கைக்குழந்தையோடு மேற்கே வயற்பக்கம் ஓடிய உம்மாமாரே, மாமிமாரே, வருக. அன்று அந்தக் கைக்குழந்தைகளாய் இருந்த தங்கச்சிமாரே, வருக. கடல் பொங்கியதைக் காணாத பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் பழைய மாணவிகளாகிய நாங்கள் இந்த ஒழுங்கையில் எல்லோரையும் கூட்டினோம்.

அன்று முதல் அலை வடிந்ததும் ஆபத்து முடிந்ததென்று எண்ணித் திரும்பியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. ஆகவே கடல் உள்வாங்கினாலும் சரி, உள்வாங்காமலே பொங்கினாலும் சரி, மேற்கே போங்கள். போனால் சில மணி நேரம் திரும்ப வேண்டாம்.

நடக்க இயலாத மூத்தம்மாவை யார் கைபிடிப்பது? வீட்டுக்கு வீடு அதை இன்றே பேசி முடிப்போம்.