"87% ஏஐ"ன்னு வந்தா நம்பலாமா?

ஓமலூர் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் வருதுன்னு வைங்க. டிடெக்டர்ல போட்டா "87% ஏஐ"ங்குது. அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா எண் மாறிடலாம். ஏன்?

படத்துல என்ன நடக்குதுன்னு டிடெக்டருக்குத் தெரியாது. ஏஐ பிக்சல்கள்ல விட்டுட்டுப் போற நுண்ணிய தடயத்தைத்தான் அது தேடுது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அந்தத் தடயம் கலைஞ்சிடும். அதனால போலி தப்பிக்கும், சில நேரம் நிஜப் படமும் மாட்டிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2023 மே 28 அன்று, டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் இருவரையும் போலீஸ் பிடித்துச் சென்றது. வண்டிக்குள்ள அவங்க சிரிக்கிற மாதிரி ஒரு படம் பரவுச்சு. வண்டி நிஜம், ஆட்கள் நிஜம். சிரிப்பு மட்டும் ஏஐ ஒட்டினது. மொத்தப் படத்துக்கும் ஒரே எண் கொடுக்கிற கருவி இதை என்னன்னு சொல்லும்?

இங்க கைகொடுத்தது ஒரிஜினல் படம். அதுல யாரும் சிரிக்கல. ரெண்டையும் பக்கத்துல வெச்சா முகம் மட்டும்தான் வேற.

நீங்களும் கூகுள் லென்ஸ்ல போட்டு, அந்தப் படத்தை முதல்ல யார், எப்போ போட்டாங்கன்னு பின்னாடி போய்த் தேடுங்க. கிடைக்கலையா? அதே சம்பவத்தை வேற யாராவது வேற கோணத்துல எடுத்திருக்காங்களான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா, "தெரியல"ங்கறதுதான் நேர்மையான பதில். ஃபார்வர்ட் பட்டனைத் தொடாதீங்க.