மாதம் மட்டும் போட்டிருந்தால் எந்த நாள் வரை?
(கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன வருஷம் ஜூன் 3ஆம் தேதி, சேலையூரிலிருந்து ஒரு அம்மா என் கடைக்கு வந்தாங்க. கையில் பிரஷர் மாத்திரை அட்டை. "இது காலாவதி ஆயிடுச்சு, தம்பி. மூணு நாளா போடல. புதுசு குடுங்க"ன்னாங்க. வாங்கிப் பார்த்தேன். காலாவதி என்ற இடத்தில் ஜூன் என்று மட்டும் இருந்தது. மாதம் பிறந்ததுமே மருந்து செத்துப் போச்சுன்னு அவங்க நினைச்சுட்டாங்க. உண்மையில் அது ஜூன் 30 வரை நல்ல மருந்து. நல்ல மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பிரஷரை ஏற விட்டிருந்தாங்க.

இது அவங்க தப்பு இல்லைங்க. அட்டையில் நாள் போடுவதில்லை. ஆனால் நாள் என்ன என்பது சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் மருந்து லேபிள் எப்படி இருக்கணும்னு சொல்வது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். அதில் 96ஆவது விதி, காலாவதியை மாதமும் வருடமுமாகக் குறிக்கச் சொல்கிறது. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள் என்றும் சொல்கிறது. ஜூன் என்றால் ஜூன் 30. பிப்ரவரி என்றால் 28, லீப் வருடத்தில் 29. அதற்கு மறுநாள் அதை விற்கக் கடைக்காரருக்கும் உரிமை இல்லை. காலாவதியான சரக்கைத் தனியாக எடுத்து வைத்து, விற்பனைக்கு அல்ல என்று குறித்து வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். வீட்டில் இருக்கும் அட்டை ஒன்றை எடுங்க. தயாரிப்பு ஜூலை 2024, காலாவதி ஜூன் 2026 என்று இருக்கும். ஏன் ஜூலைக்கு ஜூலை இல்லை? இரண்டு வருட ஆயுள் என்றால் 24 மாதம். ஜூலை 1 முதல், தயாரித்த மாதத்தையும் சேர்த்து எண்ணினால், 24ஆவது மாதம் ஜூன் 2026. அதன் கடைசி நாளில் கணக்கு முடிகிறது. மாத இறுதி என்று படித்தால்தான் இந்த இரண்டு வரியும் ஒன்றோடொன்று பொருந்தும்.

சரி, மாத இறுதி வரை நல்லதுன்னு தெரிஞ்சாச்சு. அதுக்காக வாங்கும்போது அப்படியே வாங்கிடாதீங்க. ஜூன் 10ஆம் தேதி, ஜூன் காலாவதி போட்ட 30 மாத்திரை வாங்குறீங்க, தினம் ஒன்று. கடைக்காரர் சட்டப்படி சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் 30ஆம் தேதிக்குள் உங்களுக்குச் செல்வது 21 மாத்திரைதான். மீதி 9 மாத்திரை ஜூலையில் வரும், அவை காலாவதியானவை. அதனால் பார்க்க வேண்டியது, இன்றைக்கு நல்லதா என்பது இல்லை. கடைசி மாத்திரையை என்றைக்குப் போடுவோம் என்பது. ஒரு மாதத்துக்கு மேல் மொத்தமாக வாங்குபவர்கள் ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாகப் பாருங்க. மேல் அட்டையும் கீழ் அட்டையும் ஒரே தொகுதியாக இருக்கணும்னு இல்லை.

அடுத்து, தேதியே இல்லாத துண்டு. இதுதான் எங்க தொழிலில் அதிகம் நடக்கிற கோளாறு. அட்டையின் ஒரு ஓரத்தில்தான் தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும். நாலு மாத்திரை கேட்டால், கத்தரிக்கோல் அந்த ஓரத்திலிருந்தும் தொடங்கலாம், எதிர் ஓரத்திலிருந்தும் தொடங்கலாம். தேதி உங்க பக்கம் வந்தால் கடையில் மிஞ்சுவதில் தேதி இருக்காது. அதை அடுத்து வாங்குபவர் பாவம். அதனால் வெட்டுவதற்கு முன்னாடியே முழு அட்டையை வாங்கிப் பாருங்க, போனில் ஒரு படம் எடுத்துக்கங்க. கம்ப்யூட்டர் பில்லில் பெரும்பாலும் தொகுதி எண்ணும் காலாவதியும் இருக்கும். அதையும் படத்தையும் ஒப்பிடலாம். அலுமினியத் தகட்டில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த எழுத்து கண்ணுக்குத் தெரியலைன்னா, போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிங்க. நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு வசதியும் வந்திருக்கு. 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு க்யூஆர் கோடு அல்லது பார்கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரிப்பு, காலாவதி, தொகுதி எண் எல்லாம் வரும். அது அச்சிட்டதோடு பொருந்தலைன்னா மருந்தைத் தொடாதீங்க, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சொல்லுங்க.

ஆனால் இந்த மாதக் கணக்கு எல்லாம் மூடி திறக்காத மருந்துக்குத்தான். பிள்ளைகளுக்கு வாங்கும் தூள் ஆன்டிபயாடிக், தண்ணீர் கலந்ததும் அதன் ஆயுள் பொதுவாக ஒரு வாரம்தான், லேபிளிலேயே இருக்கும். கண் சொட்டு மருந்து திறந்தால் சாதாரணமாக ஒரு மாதம். புட்டியில் அடுத்த வருஷம் போட்டிருக்கேன்னு வைத்திருக்கக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவில் புட்டி மேல் எழுதுங்க. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. வெள்ளத்தில் கிடந்த மருந்துக்கு அட்டையில் இருக்கும் தேதி பேசாது, நனைந்தால் குப்பைதான்.

இனி சாப்பாட்டுப் பொட்டலம். இங்கே கணக்கு கொஞ்சம் மாறும். 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைப்படி, மூன்று மாதத்துக்குள் கெட்டுப்போகும் பொருளுக்கு நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். அதற்கு மேல் ஆயுள் இருந்தால் மாதமும் வருடமும் போதும். ரொட்டியில் நாள் இருக்கும், பருப்புப் பொட்டலத்தில் மாதம் மட்டும் இருக்கலாம். அதனால் ரொட்டி, பன்னீர் மாதிரிப் பொருளில் வெறும் மாதம் மட்டும் இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

குழப்பம் எங்கே என்றால், பொட்டலமிட்டது செப்டம்பர் 2025, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது என்று எழுதி, காலாவதித் தேதியை நம்மையே கணக்குப் போட வைக்கும் பொட்டலங்களில். செப்டம்பரோடு ஆறைக் கூட்டினால் மார்ச் என்று பலரும் சொல்வோம். செப்டம்பர் எந்த நாள் என்று தெரியாதே. முதல் தேதியாக இருந்தால்? மருந்து மாதிரியே தயாரித்த மாதத்தையும் சேர்த்து எண்ணுங்க. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பிப்ரவரி 28 வரை என்று வைத்துக்கொண்டால் எந்த நாளில் கட்டியிருந்தாலும் நீங்க பத்திரம்.

"பயன்படுத்துவது நல்லது" என்பது சுவை, மொறுமொறுப்பு பற்றிய வாக்கு. "இதற்குள் பயன்படுத்தவும்" என்றால் அது பாதுகாப்பு பற்றியது, அதைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டு வரும் டப்பாவில் 04/05/26 என்றிருந்தால் அது ஏப்ரல் 5. அங்கே மாதம்தான் முதலில். நம்ம ஊர்ப் பொட்டலத்தில் அதே எண் மே 4.

கடையில் தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளப்பு போயிருந்தாலோ, பொருளையும் பில்லையும் படம் எடுங்க. உணவு என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் எண் 94440 42322, அல்லது Food Safety Connect செயலி. படத்தில் தேதி, தொகுதி எண், கடைப் பெயர் மூன்றும் தெரியட்டும்.

அந்தச் சேலையூர் அம்மாவுக்குப் புது அட்டை கொடுக்கலைங்க. பழைய அட்டையிலேயே ஜூன் 30 என்று பேனாவில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். உங்க பையில் இருக்கிற அட்டையை இப்போ எடுங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.