சத்தத்தை நம்பாதீர்கள், அமிலத்தைப் பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், "மூக்கால் விட்ட குழாய் இரைப்பைக்குள்தான் நிற்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், உடனே ஸ்டெதஸ்கோப்பைத் தூக்குகிறார்கள். சிரிஞ்சால் காற்றடித்து, மேல்வயிற்றில் 'குளக்' என்று கேட்டால் சரியாம். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. குழாயின் நுனி உணவுக்குழாயில் நின்றாலும், நுரையீரலுக்குள் போயிருந்தாலும், அந்தச் சத்தம் வயிறுவரை கடத்தப்பட்டுக் கேட்கும். இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு முகவரகம் 2005இலேயே இந்தச் சோதனையைக் கைவிடச் சொல்லிவிட்டது. நாங்கள்தான் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ரைல்ஸ் டியூப் என்கிறோமே, அதை 1921இல் ஜோன் ரைல் என்ற வைத்தியர் கொண்டுவந்தது எதற்கு? இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து அமிலத்தைப் பார்க்கத்தான். அமிலம் பார்க்கப் பிறந்த குழாயில் அமிலத்தையே பாருங்கள். சிரிஞ்சால் மெல்ல இழுத்து, ஒரு மில்லிலீற்றர் வந்தாலும் போதும், பிஎச் தாளில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் உணவு கொடுக்கலாம். திரும்பவும் சொல்கிறேன்: 5.5 அல்லது அதற்குக் கீழே. நீல லிட்மஸ் தாள் இதற்குப் போதாது. இலேசான அமிலத்துக்கே அது சிவந்துவிடும்.

இழுத்தால் ஒன்றும் வரவில்லையா? ஆளை இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள். வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள், அதனாலும் இரைப்பைச் சாறு சுரக்கும். 10 முதல் 20 மில்லிலீற்றர் காற்றைச் செலுத்துங்கள். இந்தக் காற்று சத்தம் கேட்க அல்ல. இரைப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நுனியை விலக்க. கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி இழுங்கள். தண்ணீர் மட்டும் விட்டுப் பார்க்கவேண்டாம். இடம் உறுதியாகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பாரிசவாதம் வந்த ஐயா. பராமரிப்புக்கு வந்தவர் அன்று புதுக்குழாய் போட்டிருந்தார். மகள் பால் கரைத்து வைத்துக்கொண்டு, "மிஸ், சத்தம் நல்லாக் கேட்டதாம், இனிக் குடுக்கலாம்தானே?" என்றார். ஐயா இருமவும் இல்லை. ஆனால் பாரிசவாதக்காரருக்கு இருமல் மங்கியிருக்கும். இருமாதது ஒரு சாட்சியே அல்ல. இழுத்துப் பார்த்தேன்: பிஎச் 6.5. ஐயா ஒமெப்ரசோல் எடுப்பவர், அமிலம் குறைந்துதான் இருக்கும். அதனால் அந்த 6.5 இரைப்பையாகவும் இருக்கலாம், நுரையீரலாகவும் இருக்கலாம். இப்படி முடிவு சொல்லமுடியாத இடத்தில் எக்ஸ்ரே ஒன்றுதான் வழி.

எக்ஸ்ரேயில் நுனி இரைப்பையின் வாசலைச் சற்றே தாண்டி நின்றது. குழாயின் பக்கத்துளைகள் நுனிக்கு மேலே இருப்பதால், பால் பாதி உணவுக்குழாய்க்குள்ளேயே கொட்டி, மேலேறி நுரையீரலுக்குப் போயிருக்கும். காரணம் அளவு. மூக்கு நுனியிலிருந்து காதுச்சோணை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி என்று அளந்து 50 சென்றிமீற்றரில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் படிக்கிற அளவுதான் அது. ஆனால் பெரியவர்கள் பலருக்கு அது கட்டையாய்ப் போகிறது. வைத்தியர் சொன்னபடி 10 சென்றிமீற்றர் உள்ளே தள்ளி, இன்னொரு எக்ஸ்ரே எடுத்தபிறகுதான் பால் கொடுத்தோம்.

இனிப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு. ஆளை நிமிர்த்தி இருத்துவது, 'நிறுத்துங்கள்' என்று காட்ட ஒரு கைச்சைகை பேசிவைப்பது, அளந்து அடையாளமிடுவது, நாடியைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வது, இருமி மூச்சுத்திணறினால் உடனே வெளியே எடுப்பது, இவையெல்லாம் உங்களுக்குப் பாடம். கவனமாகப் பார்க்கும் பரீட்சகரின் கண் அதற்குப் பிறகுதான் கூர்மையாகிறது. பரீட்சையில் குழாய் போடும் பொம்மைக்கு அமிலம் சுரக்காது; ஆகவே பிஎச் அளவை அவரே வாயால் சொல்லுவார் அல்லது அட்டையில் காட்டுவார். 6.5 என்று காட்டினால் அது உங்களுக்கு வைத்த பொறி. கை பால் சிரிஞ்சுக்குப் போனால், முன்னே செய்த நேர்த்தி எதுவும் காப்பாற்றாது.

வாய்விட்டுச் சொல்லுங்கள்: "5.5க்கு மேலே இருக்கிறது, உணவு கொடுக்கமாட்டேன். அமிலம் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா என்று பார்ப்பேன், பொறுத்து மறுபடி சோதிப்பேன், அப்போதும் இறங்காவிட்டால் எக்ஸ்ரே கேட்பேன்." பிறகு எந்த மூக்குத்துளை, மூக்கு வாசலில் எத்தனை சென்றிமீற்றர், பிஎச் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அடுத்த நேர உணவுக்கு வருகிறவர் அந்தச் சென்றிமீற்றரைப் பார்த்துத்தான் குழாய் நழுவியதா என்று அறிவார்.